ஜூன் 14 மாலை ஐஸ் கிடைக்குமா? ஸ்க்ரம் கூட்டங்களில் டெஸ்டரின் வேலை

கேள்வி: காசிமேடு துறைமுகத்துப் படகுக்காரர்கள் ஐஸ் பார் முன்பதிவு செய்யும் செயலி ஒன்றை எங்கள் நிறுவனம் செய்கிறது. ஐந்து டெவலப்பர்கள், டெஸ்டர் நான் ஒருத்திதான். இரண்டு வார ஸ்பிரிண்ட். ரிஃபைன்மென்ட்டுக்கு என்னைக் கூப்பிடுவதில்லை. பிளானிங்கில் "டெஸ்டிங்குக்கு எத்தனை நாள்?" என்று கேட்பதோடு சரி. காலைக் கூட்டத்தில் "டெஸ்ட் கேஸ் எழுதுகிறேன்" என்று சொல்லிவிட்டு நிற்கிறேன். கடைசி இரண்டு நாளில் எல்லா ஸ்டோரியும் ஒன்றாக வந்து விழுகிறது. ரிவ்யூவில் பக் வந்தால் மட்டும் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இந்தக் கூட்டங்களில் என் வேலைதான் என்ன?
— வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: ரிஃபைன்மென்ட்டிலிருந்து தொடங்குங்கள். அங்கே நீங்கள் இல்லாததற்கான விலையைத்தான் மற்ற மூன்று கூட்டங்களிலும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 2020-இல் வெளியான ஸ்க்ரம் கையேட்டில் டெஸ்டர் என்று தனியாக ஒரு பொறுப்பே கிடையாது. ப்ராடக்ட் ஓனர், ஸ்க்ரம் மாஸ்டர், டெவலப்பர்கள், இவ்வளவுதான். ஸ்பிரிண்ட்டின் வேலையைச் செய்யும் எல்லோருமே அந்தக் கையேட்டின்படி டெவலப்பர்கள்தான், நீங்களும்தான். ஆகவே ஸ்டோரியைப் பற்றிய பேச்சில் உட்காருவது உங்களுக்கு யாரும் காட்டும் சலுகை இல்லை. ரிஃபைன்மென்ட் மட்டும் கையேட்டில் நேரம் குறித்த கூட்டமாக வராது, தொடர்ந்து நடக்கவேண்டிய வேலையாகத்தான் வரும். அதனால்தான் பல குழுக்களில் ப்ராடக்ட் ஓனரும் லீடும் ஒரு ஓரமாகப் பேசி முடித்துவிடுகிறார்கள். "வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், நான், ஒரு டெவலப்பர், ப்ராடக்ட் ஓனர், மூன்று பேர் போதும்" என்று ஸ்க்ரம் மாஸ்டரிடம் கேளுங்கள். இவ்வளவு சிறிய கோரிக்கையை மறுப்பது கடினம்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்பதை உங்கள் செயலியை வைத்தே பார்ப்போம். ப்ராடக்ட் ஓனர் இப்படி ஒரு ஸ்டோரி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "படகு உரிமையாளர் ஐஸ் பார் முன்பதிவு செய்யலாம். ஒரு நேரப் பிரிவுக்கு 200 பார்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகளுக்கு முன்பதிவு கிடையாது." படித்தால் தெளிவாகத்தான் இருக்கிறது. டெவலப்பர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

கூட்டத்துக்கு முந்தைய நாளே இதை வாங்கிப் படித்து, மூன்று நான்கு உதாரணங்களோடு வாருங்கள். "நெகட்டிவ் கேஸ் ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் "நீங்கதான் பார்க்கணும்" என்று பதில் வரும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நாள், நேரம், ஆள், எண்ணிக்கை எல்லாம் வைத்துக் கேளுங்கள். கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். "ஜூன் 14 சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு விசைப்படகுக்காரர் பத்து பார் கேட்கிறார். கிடைக்குமா, கிடைக்காதா?"

இந்த ஒரு கேள்வியில் ஸ்டோரி நின்றுவிடும். தடை அன்று நள்ளிரவோடு முடிகிறது. அதன் பிறகு கிளம்பும் படகு, ஐஸை அதற்கு முன்பே ஏற்றியாக வேண்டும். முன்பதிவு செய்யும் நாளை வைத்துத் தடையைச் சோதித்தால், 61 நாள் கரையில் நின்ற படகுகள் ஒன்றாகக் கிளம்பும் அந்த மாலையில் உங்கள் செயலி ஒருவருக்கும் ஐஸ் தராது. கடலுக்குப் போகும் நாளை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். அப்படியானால் முன்பதிவுத் திரையில் "எப்போது கிளம்புகிறீர்கள்?" என்ற கட்டம் வேண்டும். அது ஸ்டோரியிலேயே இல்லை. டெவலப்பர் அதை எட்டாம் நாள் கண்டுபிடிப்பதற்கும் இன்று கண்டுபிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் அந்த அறையில் இருப்பதன் பயன்.

அடுத்த உதாரணம்: ஃபைபர் படகு வைத்திருப்பவர் மே மாதம் கேட்டால்? தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகலாம். எது எந்த வகை என்று செயலிக்கு எப்படித் தெரியும்? உரிமையாளரே தேர்ந்தெடுப்பாரா, படகுப் பதிவு எண்ணிலிருந்து வருமா? மூன்றாவது: 195 பார் போய்விட்டது, மீதி ஐந்து. இரண்டு பேர் ஒரே நொடியில் தலா நான்கு பார் கேட்கிறார்கள். இருவர் திரையிலும் "மீதி 5" என்றே தெரியும். இருவருக்கும் கிடைத்தால் 203 ஆகிவிடும், அந்த மூன்று பாருக்கு ஐஸ் கம்பெனி வாசலில் சண்டை நடக்கும். யாருக்கு மறுக்க வேண்டும், மறுக்கும்போது அவருக்கு என்ன வாசகம் காட்ட வேண்டும்? நான்காவது: பணம் கட்டியாயிற்று, புயல் எச்சரிக்கை வந்து கடலுக்குப் போகவில்லை. பணம் திரும்புமா, அந்த பார் மறுபடி விற்பனைக்கு வருமா?

இதையெல்லாம் தாளில் பிரித்து எழுத ஒரு வழி இருக்கிறது, எக்ஸாம்பிள் மேப்பிங் என்பார்கள். மஞ்சள் அட்டையில் ஸ்டோரி, நீல அட்டையில் விதி, பச்சையில் அந்த விதிக்கான உதாரணம், சிவப்பில் பதில் தெரியாத கேள்வி. ஒரு ஸ்டோரிக்கு இருபத்தைந்து நிமிடம். முடியும்போது மேசையைப் பார்த்தாலே நிலைமை புரியும். நீலம் நிறைய இருந்தால் ஸ்டோரி பெரிது, உடைக்க வேண்டும். சிவப்பு நிறைய இருந்தால் அது இன்னும் ஸ்பிரிண்ட்டுக்குத் தயாராகவில்லை. ஒவ்வொரு சிவப்பு அட்டையிலும் யார், யாரிடம், எந்த நாளுக்குள் கேட்டு வருவார் என்று எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். புயல் எச்சரிக்கைக் கேள்விக்கு அறையில் யாருக்கும் பதில் தெரியாது. ப்ராடக்ட் ஓனர் ஐஸ் கம்பெனிக்காரரைத்தான் கேட்டு வர வேண்டும்.

நம் ஸ்டோரி இங்கே மூன்றாக உடைகிறது. எண்ணிக்கை வரம்போடு முன்பதிவு ஒன்று, தடைக்கால விதி ஒன்று, ரத்தும் பணம் திரும்புவதும் ஒன்று. மூன்றும் தனித்தனியே முடியக்கூடியவை, தனித்தனியே சோதிக்கக்கூடியவை. முழு ஸ்டோரி ஒன்பதாம் நாள் உங்கள் கைக்கு வருவதற்குப் பதிலாக முதல் துண்டு நான்காம் நாள் வரும். கடைசி நேரத்து நெரிசலைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை என்பது எங்கள் உறுதியான கருத்து. கூடுதல் டெஸ்டர் எடுத்தால்கூட, எல்லாம் ஒன்பதாம் நாள்தான் வருகிறது என்றால் இரண்டு பேராகச் சேர்ந்து அவதிப்படுவீர்கள், அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. முதல் தடவை போகும்போது பதினைந்து உதாரணங்களை அடுக்கினால் இரண்டாம் தடவை உங்களைக் கூப்பிட மாட்டார்கள். பணம் போவது, ஐஸ் வீணாவது, படகு கிளம்ப முடியாமல் நிற்பது என்று நஷ்டம் பெரிதாக இருப்பவற்றை முதலில் கேளுங்கள். கட்டத்தில் எத்தனை எழுத்து அடிக்கலாம் என்பதையெல்லாம் பிறகு டெவலப்பரின் மேசையில் போய்ப் பேசிக்கொள்ளலாம்.

இனி பிளானிங். "டெஸ்டிங்குக்கு எத்தனை நாள்?" என்ற கேள்விக்குத் தனி எண் சொல்வதை நிறுத்துங்கள். தனி எண் சொன்னதும் டெவலப்மென்ட் முதலில், டெஸ்டிங் பிறகு என்று ஸ்பிரிண்ட்டுக்குள் ஒரு கோடு விழுந்துவிடுகிறது. ஒரு ஸ்டோரிக்கு ஒரே மதிப்பீடுதான், அதில் எழுதுவது, சோதிப்பது, திருத்துவது, மறுபடி சோதிப்பது எல்லாம் அடக்கம். தடைக்கால விதிக்கு டெவலப்பர் "சின்ன வேலை, ஒரு தேதி ஒப்பீடு" என்று இரண்டு புள்ளி சொல்வார். நீங்கள் ஐந்து சொல்லுங்கள், காரணத்தையும் சொல்லுங்கள். எண்கள் விலகும் இடத்தில்தான் மறைந்திருக்கும் வேலை வெளியே வரும்.

இந்த ஸ்டோரியில் அப்படி மறைந்திருக்கும் வேலை எது? கடிகாரம். ஸ்பிரிண்ட் நடப்பது ஆகஸ்டில் என்றால் ஜூன் 14 மாலையை எப்படிச் சோதிப்பீர்கள்? டெஸ்ட் சர்வரின் கடிகாரத்தையே மாற்றினால் லாகின் காலாவதியாகும், பாதுகாப்புச் சான்றிதழ் பிழை வரலாம், பணம் கட்டும் சேவையின் சோதனைத் தளம் கோரிக்கையை ஏற்காமல் போகலாம், அதே சர்வரில் வேலை செய்யும் மற்றவர்களும் தடுமாறுவார்கள். செயலி "இன்று என்ன நாள், மணி என்ன" என்பதை ஒரே இடத்திலிருந்து கேட்கும்படி எழுதி, டெஸ்ட் சர்வரில் மட்டும் அந்த விடையை நாம் மாற்றும்படி வைத்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஆரம்பத்திலேயே கேட்டால் அரை நாள் வேலை. எழுதி முடித்த பிறகு கேட்டால் எல்லாக் கோப்பிலும் கை வைக்க வேண்டும். பிளானிங்கிலேயே இதை ஒரு டாஸ்க்காக போர்டில் ஒட்டச் சொல்லுங்கள்.

சோதனைத் தரவும் அப்படித்தான். விசைப்படகு இரண்டு, ஃபைபர் படகு இரண்டு, உரிமம் காலாவதியான படகு ஒன்று, ஏற்கெனவே 195 பார் விற்றுவிட்ட ஒரு நேரப் பிரிவு. இதை யார், எந்த நாளுக்குள் டெஸ்ட் சர்வரில் ஏற்றுவது என்பதும் ஒரு டாஸ்க்தான். டாஸ்க்காக ஒட்டாத வேலை உங்கள் தலையில்தான் விழும், அதுவும் ஒன்பதாம் நாள்.

எதை யார் எந்த இடத்தில் சோதிப்பது என்பதையும் இங்கேயே பேசி முடியுங்கள். தேதி விதிக்கான பத்துப் பன்னிரண்டு உதாரணங்களை டெவலப்பரே யூனிட் டெஸ்ட்டாக எழுதிவிடலாம், ஓடி முடிய ஒரு நொடி ஆகாது. அதையே நீங்கள் திரையில் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தால் ஒரு மதியம் போய்விடும். ஆனால் யூனிட் டெஸ்ட்டை மட்டும் நம்பவும் முடியாது. டெவலப்பரின் மடிக்கணினி இந்திய நேரத்தில் இருக்கும், சர்வர் பெரும்பாலும் UTC-யில் இருக்கும், அது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். ஜூன் 15 அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பும் படகு சர்வரின் கணக்கில் ஜூன் 14 இரவு எட்டரை மணிக்குக் கிளம்புகிறது. விதி சரி, யூனிட் டெஸ்ட் பச்சை, ஆனாலும் படகுக்கு ஐஸ் இல்லை. விதியை அவர் யூனிட் டெஸ்ட்டில் பார்க்கட்டும், நள்ளிரவு எல்லையை மட்டும் நீங்கள் டெஸ்ட் சர்வரில் பாருங்கள்.

பிளானிங்கில் நீங்கள் போட்டுக் காட்டவேண்டிய கணக்கு ஒன்றுதான். ஒரு ஸ்டோரியைச் சோதித்து, பக் திருத்தி வந்ததும் மறுபடி பார்க்க ஒன்றரை நாள் ஆகிறது என்று வையுங்கள். ஐந்து ஸ்டோரிக்கு ஏழரை நாள். பத்து வேலை நாள் கொண்ட ஸ்பிரிண்ட்டில் ஐந்து டெவலப்பர்களும் முதல் நாளே ஆளுக்கொரு ஸ்டோரியைத் தொடங்கினால், ஐந்தும் எட்டாம் நாளை ஒட்டித்தான் வரும். மீதி இரண்டு நாள். ஏழரை நாள் வேலை இரண்டு நாளில் அடங்காது, நீங்கள் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தாலும். இந்த எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, "ஒரே நேரத்தில் மூன்று ஸ்டோரிக்கு மேல் திறக்க வேண்டாம், ஒரு ஸ்டோரியில் இரண்டு பேர் உட்காருங்கள், முதல் ஸ்டோரி மூன்றாம் நாள் என் கைக்கு வரட்டும்" என்று கேளுங்கள். உங்கள் ஒன்றரை நாளை உங்கள் போர்டின் பழைய அட்டைகளிலிருந்து எடுங்கள். டெஸ்டிங் கட்டத்துக்குள் வந்த நாளும் வெளியே போன நாளும் அதில் இருக்கும். சொந்தக் குழுவின் எண்ணை யாரும் மறுக்க முடியாது.

"டெவலப்மென்ட் முடிந்தது, டெஸ்டிங்கை அடுத்த ஸ்பிரிண்ட்டில் வைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு யோசனை வரும். ஒத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த ஸ்பிரிண்ட்டில் அந்த டெவலப்பர் வேறு ஸ்டோரியில் மூழ்கியிருப்பார், நீங்கள் சொல்லும் பக் அவருக்கு இடைஞ்சலாகத்தான் தெரியும். "முடிந்தது" என்பதற்குக் குழு எழுதிவைக்கும் வரையறையில், டெஸ்ட் சர்வரில் சோதித்தாயிற்று, பெரிய பக் திறந்து இல்லை என்ற இரண்டு வரிகள் இருக்கட்டும்.

தினசரிக் கூட்டம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து நிமிடம்தான். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், என்ன தடை என்ற மூன்று கேள்விகளைக் கையேடே 2020-இல் எடுத்துவிட்டது. போர்டின் வலது ஓரத்திலிருந்து, முடிவுக்கு மிக அருகில் இருக்கும் ஸ்டோரியிலிருந்து பேசச் சொல்லுங்கள். அப்படிப் பேசினால் உங்கள் ஸ்டோரிதான் முதலில் வரும். "டெஸ்ட் கேஸ் எழுதுகிறேன்" என்பதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்ய முடியாது. "தடைக்கால ஸ்டோரியில் நேர மண்டலப் பிழை ஒன்றுதான் பாக்கி. மதியத்துக்குள் திருத்தி வந்தால் இன்றே மூடிவிடலாம். எண்ணிக்கை வரம்பு ஸ்டோரியின் பில்ட் நேற்றிலிருந்து டெஸ்ட் சர்வருக்கு வரவில்லை" என்று சொன்னால், இன்று யார் எதை முதலில் எடுப்பது என்பது அங்கேயே முடிவாகிவிடும்.

மூன்று அறிகுறிகளைக் கவனித்து அதே இடத்தில் சொல்லுங்கள். நான்காம் நாள் வரை ஒரு ஸ்டோரியும் மூடப்படவில்லை. ஒரே ஸ்டோரி இரண்டு நாளாக "கிட்டத்தட்ட முடிந்தது". டெஸ்டிங் கட்டத்தில் இரண்டுக்கு மேல் அட்டை நிற்கிறது. மூன்றாவது நேர்ந்தால் புது ஸ்டோரியைத் திறக்காமல் ஒரு டெவலப்பர் சோதனைக்கு வர வேண்டும், தான் எழுதாத ஸ்டோரிக்கு. பச்சை அட்டைகளின் உதாரணங்கள் கையில் இருந்தால் அவராலும் பார்க்க முடியும். பக்கின் விவரத்தை மட்டும் அந்தக் கூட்டத்தில் பேசாதீர்கள். கண்டதும் டெவலப்பரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள், மறுநாள் காலை வரை தேக்கி வைக்க வேண்டாம்.

ரிவ்யூவுக்கு வருவோம். "முடிந்தது" வரையறைக்குள் வராத வேலையை ரிவ்யூவில் காட்டக்கூடாது என்று கையேடு நேரடியாகவே சொல்கிறது. முந்தைய நாள் மதியம் குழுவோடு உட்கார்ந்து எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று பிரித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அந்த சர்வரில் யாரும் புது பில்ட் ஏற்றக்கூடாது. "சின்னத் திருத்தம்தான்" என்று காலை ஒன்பது மணிக்கு ஏற்றிய பில்ட்தான் பதினோரு மணிக்கு எல்லோர் முன்னாலும் விழும்.

திரையை டெவலப்பர் ஓட்ட வேண்டாம், எங்கே அழுத்தக்கூடாது என்று அவருக்குத் தெரியும். வந்திருக்கும் ஐஸ் கம்பெனிக்காரர் கையிலோ படகு உரிமையாளர் கையிலோ போனைக் கொடுத்து, "ஜூன் 14 சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து பார் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். டாஸ்க்காக ஒட்டிய கடிகாரம் இங்கேயும் உதவும். IND-TN என்று தொடங்கும் பதிவு எண்ணை அவர் முழுசாக, இடைக்கோடுகளோடு அடிக்கிறாரா, கடைசி எண்களை மட்டும் அடித்துவிட்டுக் காத்திருக்கிறாரா? எங்கே விரல் தயங்குகிறது? குறிப்பெடுங்கள். அவர் தவறாக அடித்தால் திருத்தாதீர்கள், அந்தத் தவறு அடுத்த ரிஃபைன்மென்ட்டுக்கு ஒரு உதாரணம். சோதிக்காத பகுதியையும் நீங்களே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: "ஒரே நேரத்தில் ஐம்பது பேர் வரை பார்த்தோம், அதற்கு மேல் பார்க்கவில்லை."

அங்கே ஒரு பக் வெளிப்பட்டு எல்லோரும் உங்கள் பக்கம் திரும்பினால், அது எந்த இடத்தில் தப்பியது என்று கேளுங்கள். இந்த விதியை யாருமே பேசவில்லை என்றால் அது ரிஃபைன்மென்ட்டில் தப்பியது. பேசினோம், ஆனால் சோதிக்க நேரமோ தரவோ இல்லை என்றால் பிளானிங்கில் தப்பியது. சோதித்தோம், அதற்குப் பிறகு நிரல் மாறியது என்றால், எதை மாற்றினோம் என்று ஒருவருக்கொருவர் அன்றன்றைக்குச் சொல்லவில்லை. ரிவ்யூவில் இதை அலச வேண்டாம், வெளியாட்கள் இருப்பார்கள். பக்கை ப்ராடக்ட் ஓனர் பேக்லாக்கில் போட்டுக்கொள்ளட்டும், எந்த இடத்தில் தப்பியது என்பதை நீங்கள் ஒரு வரி எழுதி ரெட்ரோஸ்பெக்டிவுக்கு எடுத்துப் போங்கள். நான்கைந்து ஸ்பிரிண்ட்டில் அந்த வரிகளை வரிசையாக ஒட்டினால் எந்தக் கூட்டத்தில் ஓட்டை என்று குழுவுக்கே தெரியும். "ரிஃபைன்மென்ட்டில் தப்பியது" என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், வாரம் ஒரு மணி நேரம் கேட்ட உங்கள் கோரிக்கையை ஸ்க்ரம் மாஸ்டர் முன் மறுபடி வையுங்கள், இந்தத் தடவை அந்தத் தாளோடு.